திண்ணைப் படியில் பழகு, அக்கா

திருச்சி,
கார்த்திகை 12

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவளின் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் வாட்ஸப்பில் வந்தன. மஞ்சள் ஓரம் போட்டதுதான் நன்றாக இருக்கிறது, அதையே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். மற்றதைப் போனில் பேசலாம். கால் விஷயத்தை மட்டும் எழுதி அனுப்புகிறேன். போனில் சொன்னால் "சரிடி, சரிடி" என்று வைத்துவிடுவாய். இதை அத்தானையும் படிக்கச் சொல். பாதி வேலை அவருடையது.

முழங்கால் வலிக்கிறது என்று நீ சொன்னது எனக்குப் புதிதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்றாயே, அதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்திரி கொல்லைப்பக்கம் போய்க் குந்த முடியவில்லை, குந்தினால் எழ முடியவில்லை, அதனால் குடிப்பதையே நிறுத்திவிட்டாய். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலம் முழுக்க இதை எத்தனையோ பெண்கள் என்னிடம் ரகசியம் போலச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் வந்தால் குந்தியிருக்கும் நேரம் கூடும். நேரம் கூடினால் கால் இன்னும் பிடித்துக்கொள்ளும். நீர்க்கடுப்பு வேறு வரும். அதனால் கக்கூஸை முதலில் சரிசெய்வோம். மணவறை, பந்தி எல்லாம் அப்புறம்.

அதற்கு முன்னால், உன் காலில் எது எங்கே பிடித்திருக்கிறது என்பது உனக்கே தெளிவாக வேண்டும். போன தடவை வந்தபோது உன்னைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்துப் பிட்டத்தை நோக்கிக் கொண்டுவரச் சொன்னேன். இடது குதிகால் ஒரு சாண் இடைவெளி வரை வந்துவிட்டது. வலதுக்கு இரண்டு சாணுக்கு மேல் இடைவெளி நின்றது, அதற்கு மேல் இழுத்தால் முட்டிக்குள் அடைத்துக்கொண்டது போல இருக்கிறது என்றாய். அப்போது வலது முழங்கால்தான் மடங்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கணுக்காலைத் தூக்கி மறு தொடைமேல் வைக்கச் சொன்னேன். மெட்டி மாட்டும்போது வைப்போமே, அப்படி. வலது கால் சிரமப்பட்டாவது வந்தது. இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்தும் முழங்கால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, தொடை இடுக்கில் இழுக்கிறது என்றாய். அது முழங்கால் கோளாறு இல்லை. தொடையெலும்பு இடுப்பில் வந்து சேரும் மூட்டு வெளிப்பக்கமாகத் திரும்ப மறுக்கிறது.

உனக்கு இரண்டு காலிலும் இரண்டு விதமான சிக்கல். வலது முழங்கால் உன்னைக் குந்த விடவில்லை, இடது தொடை மூட்டு சம்மணம் போட விடவில்லை. நாற்காலியில் உட்கார முழங்கால் 90 டிகிரி மடங்கினால் போதும். அதிலிருந்து எழ இன்னும் கொஞ்சம் கூடுதலாக மடங்க வேண்டும். குந்துவதற்கு 130-க்கு மேல் வேண்டும். சம்மணத்துக்கு மடக்கம் மட்டும் போதாது, தொடை வெளியே விரிந்து சாய வேண்டும். உனக்கு எடுத்த எக்ஸ்ரே முழங்காலுக்கு மட்டும்தான். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "இடது தொடை இடுக்கிலும் இழுக்கிறது, அதையும் பாருங்கள்" என்று நீயாகவே சொல். தொடை மூட்டு தேய்ந்தாலும் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும். முழங்காலுக்கே வருஷக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

தைலம் என்றதும் ஞாபகம் வருகிறது. நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்க்கிறாய், தேய்த்துக்கொள், சுகமாக இருக்கும். அதனால் முட்டி கூடுதலாக மடங்காது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடு. உனக்குப் பிரஷர் இருக்கிறது. அந்த மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன நாளுக்கு மட்டும் சாப்பிடு.

இனி கக்கூஸ். அத்தான் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கட்டும்.

முதலில் உன் அளவு வேண்டும். செருப்பில்லாமல் நில், முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழுமே, அங்கிருந்து தரை வரை டேப் வைத்துப் பார்க்கச் சொல். போன தடவை நான் பார்த்தபோது 16 அங்குலம் இருந்தது. கால் நன்றாக இருப்பவர்களுக்கு உட்காரும் இடம் அந்த உயரத்தில் இருந்தால் போதும். உனக்கு அதைவிட 2 அங்குலம் கூட வேண்டும், அதாவது 18. இந்த ஓர் எண்ணை நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடு. கக்கூஸ், கட்டில், நாற்காலி எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. உயரம் ஏற ஏற எழுவதற்கு முழங்கால் போட வேண்டிய பலம் குறையும். ஆனால் பாதம் முழுசாகத் தரையில் பதியாமல் தொங்கினால் உயரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படி உட்கார்ந்தால் முன்பக்கமாக வழுக்கும்.

இருக்கிற இந்தியன் டாய்லெட்டை இடித்து வெஸ்டர்ன் வைப்பதுதான் நிரந்தரமான வழி. கல்யாணத்துக்கு முன்னால் கொத்தனார் கிடைப்பாரோ, மாட்டாரோ. அதுவரைக்கும் நடுவில் ஓட்டை போட்ட கமோடு ஸ்டூல் ஒன்று வாங்கி, இருக்கிற பேசினுக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம். ஆர்த்தோ சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல். வாங்கி வந்ததும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நான்கு காலும் தட்டையான டைல்ஸ் மேல் நிற்க வேண்டும், பாதம் வைக்கும் வரிமேட்டில் ஒரு கால் ஏறி நின்றால் ஸ்டூல் ஆடும். கால் நுனியில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஓட்டை பேசின் குழிக்கு நேரே வருகிறதா என்று ஒரு சொம்பு தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீ உட்காருவதற்கு முன்னால் அத்தான் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும். அவர் கனத்துக்கு ஆடாவிட்டால் உனக்கும் ஆடாது.

அடுத்தது கைப்பிடி. நீ இப்போது எழும்போது எதைப் பிடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயை. அது கழன்று வந்தால் நீயும் கூடவே வருவாய். துண்டு போடும் கம்பியும் அப்படித்தான், ஈரத் துணியின் கனத்தைத்தான் அது தாங்கும். கனமான ஸ்டீல் பைப்பில் கைப்பிடி வாங்கி, செங்கல் சுவரில் துளைபோட்டு ஆங்கர் போல்ட்டில் மாட்டச் சொல். உயரத்துக்கு அளவு தேட வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையை மடக்கு, முன்கை நிற்கும் உயரத்தில் உன் வலது கைப் பக்கச் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல். மாட்டியதும் அத்தான் தன் முழு பலத்தையும் போட்டு அதில் தொங்கி இழுத்துப் பார்க்கட்டும்.

அந்தக் கதவு உள்பக்கம் திறக்கிறது, இல்லையா? உள்ளே யாராவது விழுந்தால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்கவே முடியாது. ஆசாரி வரும்போது கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்துவிடச் சொல். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரி கிடைக்கிறது. ராத்திரிக்கு ஒரு சின்ன பல்பு எரியட்டும். இவ்வளவும் ஆனபிறகு சாயங்காலமும் தண்ணீர் குடி. படுக்கப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் வேண்டுமானால் குறைத்துக்கொள்.

கயிற்றுக் கட்டிலைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, உள்ளே இருக்கிற மரக்கட்டிலில் படு. அது மெத்தையோடு சேர்ந்து 14 அங்குலம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அளந்து பார். நான்கு காலுக்கும் குழி தோண்டிய மரக்கட்டை வைத்து 18-க்கு ஏற்றலாம். குழி இல்லாத வெறும் கட்டை வைக்காதே, நகர்ந்துவிடும்.

அடுக்களையில் உன்னோடு சண்டை போட நான் தயாரில்லை. கத்தியால் வாழைப்பூ ஆய வராது, கீரை அரிய வராது என்று நீ சொல்வாய். ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் வராது. நான் இங்கே ஓரடி உயர ஸ்டூல் ஒன்றின்மேல் அருவாமனைப் பலகையை வைத்து, ஆசாரியிடமிருக்கும் மரக்கிளாம்ப் இரண்டு போட்டு இறுக்கிவிட்டேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அரிகிறேன். பலகையைக் காலால் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் மட்டும்தான் இல்லாமல் போயிற்று, அந்த வேலையைக் கிளாம்ப் செய்கிறது. ஒன்றே ஒன்று, வேலை முடிந்ததும் வெட்டுவாயில் துணி சுற்றிக் கழற்றி வைத்துவிட வேண்டும். உயரத்தில் நிற்கும் அருவாமனை குழந்தைகள் கண்மட்டத்துக்கு வரும். கல்யாண வீட்டில் எத்தனை வாண்டுகள் ஓடும்! கோலத்தைச் சின்னவளிடம் விட்டுவிடு, கல்யாணமாகிப் போகும்வரை போடட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ தரைப்பக்கமே போக வேண்டாமா?" என்று நீ கேட்பாய். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தப்பாக முடிவெடுக்கிறார்கள். வெகுநேரம் குந்தியிருப்பதை நீ அடியோடு விட்டுவிட வேண்டியதுதான். பெய்ஜிங்கில் வயதானவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், இளவயதில் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் அதிகமாக இருந்தது. பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, நாற்று நட்டு என்று உன் இருபதுகளில் நீ எவ்வளவு நேரம் குந்தியிருப்பாய் என்று எண்ணிப் பார். அந்தக் கணக்கை இனியும் கூட்ட வேண்டாம்.

ஆனால் தரைக்கு இறங்கி எழுவது வேறு விஷயம். அதை விட்டவர்கள், என்றாவது ஒருநாள் கால் தடுக்கித் தரையில் விழுந்தால், அடிபடாவிட்டாலும் எழத் தெரியாமல் கிடப்பார்கள். அப்படி மணிக்கணக்கில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுவது பலத்தை மட்டும் பொறுத்ததில்லை, வழி தெரிய வேண்டும். வழக்கமாக நாங்கள் சொல்லிக்கொடுப்பது, ஒருக்களித்து, முட்டிபோட்டு, நாற்காலியைப் பிடித்து எழுவது. உன் வலது முட்டியால் தரையில் ஊன்ற முடியாது. அதனால் உனக்கு வேறு வழி, அதற்கு நம் வீட்டுத் திண்ணைப் படியே போதும்.

திண்ணைக்கு மூன்று படி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு அங்குலம். முதல் வாரம் திண்ணை விளிம்பில் உட்கார்ந்து எழு, அவ்வளவுதான். அது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மாதிரிதான். அடுத்த வாரம் மேல்படியில் உட்கார். அங்கிருந்து நேராக எழாதே. இரண்டு உள்ளங்கையையும் பின்னால் திண்ணைமேல் ஊன்றி, இரண்டு பாதத்தையும் அழுத்தி, பிட்டத்தை மட்டும் பின்பக்கமாக மேலே ஏற்றித் திண்ணையில் வை. திண்ணையிலிருந்து எழு. அது சுலபமாக வந்தபிறகு நடுப்படி, பிறகு கீழ்ப்படி. கடைசியில்தான் வாசல் தரை. எப்போதும் மேலிருந்துதான் கீழே போக வேண்டும். தரையில் உட்கார்ந்து முதல் நாளே முயற்சி செய்தால் பயம்தான் மிஞ்சும். முதுகைப் படிப்பக்கம் காட்டி, ஒவ்வொரு படியாகப் பிட்டத்தால் ஏறி, உயரம் வந்ததும் எழுவது, இதுதான் முழு வித்தை. இதில் முட்டி எங்கேயும் தரையில் படாது, முழுசாகவும் மடங்காது. வலது காலைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டே செய்யலாம். எழுந்ததும் தூணைப் பிடித்துப் பத்து எண்ணும்வரை நின்றுவிட்டு நட, உனக்குப் பிரஷர் மாத்திரையினால் தலை சுற்றும். அத்தான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்.

வீட்டுக்குள் விழுந்தால் படிக்கு எங்கே போவது? பக்கத்தில் இருப்பவர்கள் தடித்த மணைப்பலகை இரண்டை அடுக்கியும், பிறகு கனமான குட்டை ஸ்டூலையும், கடைசியில் நாற்காலியையும் பின்னால் கொண்டுவந்து வைத்தால் அதுவே படி. தயவுசெய்து அத்தானும் பெரியவனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உன்னைச் சுண்டி இழுக்க வேண்டாம். போன வருஷம் கோயிலில் அப்படித்தான் தூக்கினார்கள், பத்து நாள் தோள்பட்டை வலி என்று படுத்தாய். விழுந்து இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளியே திரும்பிக் கிடந்தாலோ தூக்கவே கூடாது, ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிப் படிப்படியாக ஏறி எழத் தொடையில் பலம் வேண்டும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வை. அந்தத் துண்டை முழங்காலால் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டு விடு. தொடைச் சதை கல்லாக இறுகுவது கையில் தெரிய வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். இதைவிட நல்லது, 18 அங்குல நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருவது. பொத்தென்று உட்காராதே, இறங்கும்போதுதான் சதைக்கு வேலை. எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் முந்தைய நாளைவிட வலி கூடுதலாக இருந்தால், அல்லது முட்டி வீங்கியிருந்தால், பாதியாகக் குறை. அடியோடு நிறுத்தாதே.

காலையில் எழுந்ததும் உனக்குக் கால் விறைப்பு பத்து நிமிஷத்தில் விட்டுவிடுகிறது என்றாய். தேய்மானத்தில் அப்படித்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால், அது வேறு வாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியாக மணவறை. சம்மணம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், நாற்காலியோ குட்டை ஸ்டூலோ கேட்டால் மண்டபத்திலும் தருவார்கள். ஆனாலும் நீ மணையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா! அப்படியானால் ஆசாரியிடம் ஆறு அங்குல உயரத்தில் அகலமான பலகை ஒன்று செய்யச் சொல், மேலே பட்டுத்துணி போட்டால் மணை மாதிரியே இருக்கும். பிட்டம் முழங்காலைவிட உயரத்தில் இருந்தால் தொடை மூட்டு அவ்வளவு திரும்ப வேண்டியதில்லை. அதில் உட்கார்ந்து வலது காலை முன்னால் பாதி நீட்டிக்கொள், புடவை மறைத்துவிடும். இடது காலை மடித்து, அந்த முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை செருகிக்கொள், அந்தரத்தில் தொங்கவிட்டால் தொடை இடுக்கில் இழுக்கும். சடங்கு எவ்வளவு நீண்டாலும் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். எழும்போது உனக்குப் பின்னால் குட்டை ஸ்டூலோடு நான் நிற்பேன், போட்டோக்காரர் என்ன சொன்னாலும் சரி. பந்திக்கு மேசை நாற்காலிதான், அதில் வழக்கு வேண்டாம்.

முழங்கால் மாற்று ஆபரேஷன் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னதைக் கேட்டு, "அதைச் செய்துகொண்டால் பழையபடி தரையில் உட்காரலாமா?" என்று கேட்டாய். வலி நன்றாகக் குறையும், நடை நேராகும். ஆனால் அதற்குப் பிறகும் பெரும்பாலோருக்கு 110, 120 டிகிரி வரைதான் மடங்கும், குந்துவதும் சம்மணமும் வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். தொடை மூட்டு மாற்றினால் இன்னும் கண்டிப்பு, தப்பாக மடக்கினால் மூட்டு நழுவிவிடக்கூடும். நடக்கவும் தூங்கவும் முடியாத அளவுக்கு வலி வந்தால் அதைப் பேசலாம். தரையில் உட்காரும் ஆசைக்காக அது வேண்டாம்.

பேசினுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் அத்தானை அளந்து நாளைக்கே அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் ஸ்டூலை இங்கேயே வாங்கி, வரும் டவுன் பஸ்ஸில் பெரியவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்குக் கூச்சமாக இருக்கும், சாக்கில் சுற்றிக் கொடுக்கிறேன்.

உன் அன்புத் தங்கை